தோளில் விழுந்த தையல் கோடு

“அம்மா, உன்ற தோள்ல தையல் கோடு தெரியுது.”

கோயம்புத்தூரில் நடந்த ஒரு தடகளப் போட்டிக்குப் போய்விட்டுத் திருப்பூர் திரும்பிய இரவு என் மகள் சொன்னது இது. குளிக்கும்போது தோளில் தண்ணீர் பட்டதும் சுரீரென்று எரிந்தது. என்னவென்று பார்க்கச் சொல்லி அவளிடம் முதுகைக் காட்டினேன். இரண்டு தோள்பட்டையும் கன்றிப்போய், தொட்டால் சூடாக இருந்தன. ஆனால் கழுத்திலிருந்து தோள் முனை வரைக்கும் ஒரு விரற்கடைக்கும் குறைவான அகலத்தில் நேர்கோடாக ஒரு பட்டை மட்டும் என் சொந்த நிறத்தில் இருந்தது. உள்ளாடைப் பட்டி இருந்த இடமும் அப்படியே. அன்று நான் ஸ்லீவ்லெஸ் எதுவும் போட்டிருக்கவில்லை. கழுத்து ஏறிய, அரைக்கை வைத்த வெள்ளை டீ-ஷர்ட்தான் போட்டிருந்தேன். வெயில் பட்டது துணியின் மேல். வெந்தது துணிக்குள் இருந்த தோல்.

அந்தக் கோடு என்னவென்று எனக்குப் பார்த்த நொடியே தெரிந்துவிட்டது. பனியன் கம்பெனியில் பதினெட்டு வருடமாகத் துணி செக்கிங்கில் இருக்கிறேன். டீ-ஷர்ட்டின் தோள் இழுபட்டுத் தொங்காமல் இருக்க உள்பக்கம் ஒரு டேப் வைத்து ஓட்டுவோம், ஷோல்டர் டேப் என்போம். அந்த டேப்பும் தையலில் மடிந்த துணியும் சேர்ந்து மூன்று நான்கு அடுக்காக இருந்த இடத்தில் தோல் தப்பித்திருக்கிறது. ஒற்றை அடுக்கு இருந்த இடத்தில் தப்பிக்கவில்லை. தினமும் நூற்றுக்கணக்கான மீட்டர் துணியை விளக்குப் போட்டுப் பார்க்கிறவள், அந்தத் துணி வெயிலை எவ்வளவு விடும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

சுடாத வெயில்

அது ஆகஸ்ட் கடைசி வாரம். ஆடி போய் ஆவணி பிறந்தும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓயவில்லை. மேகம் வருவதும் போவதுமாக இருந்தது. காலை எட்டரைக்குக் காலரியில் போய் உட்கார்ந்தபோது, சித்திரை வெயிலாக இல்லாமல் போயிற்றே என்று சந்தோஷப்பட்டேன். மகளுக்கு 800 மீட்டர். காலையில் ஹீட்ஸ், மூன்று மணிக்கு மேல் பைனல். இடையில் இருக்கும் ஐந்து மணி நேரமும் கூரை இல்லாத சிமெண்ட் படிதான். தடகளம் பார்க்கப் போகிற பெற்றோர் எல்லோருக்கும் இது பழகின கதை. கூரையுள்ள பக்கம் விருந்தினருக்கும் நடுவர்களுக்கும் போய்விடும், நமக்குத் திறந்த படிகள்தான்.

காற்று அடித்துக்கொண்டே இருந்ததால் வியர்வை உடனுக்குடன் காய்ந்தது. வெயில் உறைக்கவே இல்லை. இங்கேதான் உடம்பு நம்மை ஏமாற்றுகிறது. நமக்குச் ‘சுடுகிறது’ என்று தெரிவது வெயிலில் இருக்கும் வெப்பக் கதிர். தோலைக் கன்றச் செய்வது புறஊதாக் கதிர். இந்த இரண்டாவதை உணர்வதற்கு நம் தோலில் எந்த வழியும் இல்லை. காற்று வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும், புறஊதாவை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அங்கங்கே விட்டுவிட்டு இருக்கும் மேகமும் பெரிதாகத் தடுக்காது. கன்றின வலி தெரிய நாலைந்து மணி நேரமாவது ஆகும் என்பதால், தெரியும்போது நாம் வீட்டில் இருப்போம்.

இன்னொன்றையும் நான் யோசித்திருக்கவில்லை. கோயம்புத்தூர் 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. நம் ஊர்களில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வருவது வருடத்தில் இரண்டு தடவை. ஒன்று ஏப்ரல் மூன்றாம் வாரம், அது எல்லோருக்கும் தெரியும். மற்றொன்று ஆகஸ்ட் 24-ஐ ஒட்டி. வாடைக்கும் வெயிலுக்கும் நடுவில் இருக்கிற, நாம் இதமான மாதம் என்று நினைக்கிற அதே ஆகஸ்ட். அந்த வாரத்தில் பகல் 12.25 வாக்கில் ஒரு கம்பை நட்டுவைத்தால் நிழல் அதன் காலடிக்குள் சுருங்கிவிடும். வானம் தெளிவாக இருந்தால் புறஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டும், உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் அதுதான் உச்சப் படி. சித்திரையில் இருக்கிற அத்தனையும் ஆவணியிலும் இருக்கிறது, சூடு மட்டும்தான் குறைவு.

உச்சி வெயிலில் நிற்கிற ஆளுக்கும் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கும் வித்தியாசம் உண்டு. நேர் மேலேயிருந்து வருகிற வெயில் கிடைமட்டமாக இருக்கிற இடத்தில்தான் முழுதாக விழும். உட்கார்ந்திருக்கும் உடம்பில் கிடைமட்டமாக இருப்பவை தலையுச்சி, தோள்பட்டை, தொடையும் முட்டியும், பாதத்தின் மேல்பக்கம். நெஞ்சுக்கும் முதுகுக்கும் அவ்வளவு இல்லை. எனக்கு அன்று வெந்த இடங்களை எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய இதே கணக்குத்தான்: தோள், பாதம், பிடரி, காது நுனி. நம் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். கருத்த தோல் கொஞ்சம் தாங்கும், அது உண்மை. ஆனால் ஏழு மணி நேரம் தாங்காது.

வட்டக் கத்தி சொன்ன கணக்கு

அடுத்த திங்கட்கிழமை அந்த டீ-ஷர்ட்டைக் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஏற்றுமதியில் மிஞ்சின சரக்கு, காதர்பேட்டையில் வாங்கியது. பனியன் துணியின் கனத்தைப் பார்க்க எங்களிடம் ஒரு வட்டக் கத்தி உண்டு. துணியில் வைத்து அழுத்தித் திருகினால் சரியாக நூறு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு வட்டத் துண்டு வெட்டி வரும். அதைத் தராசில் போட்டு, வருகிற கிராமை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. என் டீ-ஷர்ட் முதுகிலிருந்து எடுத்த வட்டம் 1.34 கிராம். 134 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி, அதாவது ஒற்றைப் பின்னல் துணி. கையில் எடுத்தால் பூப்போல இருக்கும், அதற்காகத்தான் வாங்கினேன்.

அதை ஜன்னல் வெயிலில் பிடித்து, பின்னால் என் கையை வைத்தேன். ஐந்து விரலும் நகத்தோடு தெரிந்தன. தோள் டேப் இருந்த இடத்தில் விரல் மறைந்துபோனது. கட்டிங் மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங்கக்கா, நல்ல பீஸப் போயி வெட்டிப்போட்டீங்க?” என்றார். தோளில் விழுந்த கோட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தன் மகன் கிரிக்கெட் கோச்சிங்குக்குப் போட்டுப் போவதும் இதே துணிதான் என்று சொன்னார்.

துணி புறஊதாவை எவ்வளவு தடுக்கும் என்பதற்கு யூபிஎஃப் என்று ஓர் அளவு இருக்கிறது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1996-ல் இதற்கு ஒரு தரநிர்ணயம் கொண்டுவந்தன. வெளிநாட்டு ஆர்டர்களில் சில சமயம் அந்தச் சோதனையைக் கேட்பார்கள். யூபிஎஃப் 50 என்றால் விழுகிற புறஊதாவில் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே போகும். மெல்லிய வெள்ளைப் பருத்தி டீ-ஷர்ட்டுக்கு இது பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழுக்குள் இருக்கும். ஆறு என்றே வைத்துக்கொள்வோம். ஏழு மணி நேரம் என்றால் 420 நிமிடம், ஆறால் வகுத்தால் 70. அதாவது டீ-ஷர்ட் போட்டுக்கொண்டே, வெற்றுத் தோளை எழுபது நிமிடம் வெயிலில் காட்டின மாதிரி. வெயில் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது என்பதால் இது தோராயம்தான். இருந்தாலும் தோள் ஏன் கன்றியது என்பதற்கு இதுவே போதும். அதே 420 நிமிடத்தை ஐம்பதால் வகுத்தால் எட்டரை நிமிடம்கூட வராது.

இதிலும் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். மதியம் பாட்டில் தண்ணீரைத் தோளில் ஊற்றிக்கொண்டேன், குளுகுளுவென்று இருந்தது. நனைந்த வெள்ளைப் பருத்தி உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும். காய்ந்த துணியில் நூலுக்கு நடுவே இருக்கும் காற்று வெளிச்சத்தைச் சிதறடிக்கும். அந்த இடத்தில் தண்ணீர் நிறைந்தால் சிதறல் குறைந்து வெளிச்சம் நேரே உள்ளே போகும். புறஊதாவுக்கும் இதே கதைதான், ஆறு என்பது மூன்றுக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். நனைக்க வேண்டுமென்றால் துண்டை நனைத்துக் கழுத்தில் சுற்றிக்கொள்ளலாம், தோளை மூடியிருக்கும் ஒற்றைத் துணியை நனைக்கக் கூடாது.

பனியன் துணிக்கென்று இன்னொரு குணமும் உண்டு. அது கண்ணி கண்ணியாகப் பின்னினது, இழுத்தால் கண்ணி திறக்கும். உடம்பைப் பிடித்த மாதிரி போட்டால் தோளிலும் முதுகிலும் எப்போதும் இழுபட்டுத்தான் இருக்கும். லெக்கிங்ஸ் இதற்குப் பெரிய உதாரணம். கருப்பு லெக்கிங்ஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்து முட்டியைப் பாருங்கள், கருப்பு சாம்பலாக மாறியிருக்கும், நடுவில் தோல் தெரியும். உட்காரும்போது வெயில் முழுதாக விழுவதும் அதே முட்டியில்தான். காலரிக்கு லெக்கிங்ஸ் வேண்டாம் என்பது என் உறுதியான முடிவு. நெய்த துணியில் தைத்த, தளர்ந்த பேன்ட்டோ பட்டியாலாவோ நல்லது.

கோராத் துணியும் அம்மாவும்

என் அம்மா காங்கயம் பக்கம் கிராமத்தில் இருக்கிறார். தோளைப் பார்த்துவிட்டு, “வெள்ளாவி வெச்ச துணியக் கட்டிட்டுப் போயி பொழுதுக்கும் வெயில்ல குக்கோந்துருந்தா இப்படித்தான் அம்மணி ஆகும். உங்கொப்பன் காட்டுக்கு என்னத்தப் போட்டுட்டுப் போவாரு?” என்று கேட்டார். அப்பா கடலைக்காட்டில் வேலை செய்யும்போது போட்டது சலவை செய்யாத காடாத் துணியில் தைத்த, இடுப்புக்குக் கீழே இறங்கும் தொளதொள சட்டை. தலையில் நாலு முழத் துண்டை உருமாலை கட்டி, ஒரு நுனியைப் பிடரியில் தொங்கவிட்டிருப்பார். வசதி இல்லாததால் காடாத் துணி என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

ஆனால் அதில் விஷயம் இருக்கிறது. சலவை செய்யாத பருத்தியில் இயற்கையாக இருக்கும் நிறமிகளும் பிற பொருள்களும் புறஊதாவை உறிஞ்சக்கூடியவை. ப்ளீச்சிங்கில் நாம் முதலில் அகற்றுவது இவற்றைத்தான். ஒரே நூல், ஒரே கனம், ஒரே பின்னலாக இருந்தாலும், கோரா, அதாவது சலவை செய்யாத நிலையில் இருக்கும் துணி ப்ளீச் செய்த துணியைவிட அதிகம் தடுக்கும். நாங்கள் கோராவை ஒரு பாதி வேலையாகத்தான் பார்ப்போம். பழுப்பும் விதைத் தூசியும் இருக்கும், சரக்கு வாங்கும் பையர் தொட மாட்டார். எனக்கு அன்று அது வேறாகத் தெரிந்தது.

பையர் நிராகரித்த ஒரு ரோலில் மூன்று மீட்டர் கேட்டு வாங்கினேன். 180 ஜிஎஸ்எம், இன்டர்லாக். இன்டர்லாக் என்றால் இரண்டு பக்கமும் முகம்போல இருக்கும் இரட்டைப் பின்னல், ஒன்றோடொன்று கோத்த இரண்டு பின்னலில் ஒன்றின் இடைவெளியை மற்றது அடைத்துவிடும். ஜன்னலில் பிடித்தால் விரல் தெரியவில்லை, நிழல் மட்டும் தெரிந்தது. தைப்பதற்கு முன்னால் மூன்று தடவை வெதுவெதுப்பான தண்ணீரில் சாதாரண சோப்புத்தூள் போட்டுத் துவைத்தேன். இதற்கு இரண்டு காரணம். ஒன்று, பருத்தி பின்னல் துணி முதல் துவைப்புகளில் நன்றாகச் சுருங்கும், முன்பே தைத்துவிட்டால் சட்டை குட்டையாகிவிடும். சுருங்கும்போது கண்ணிகள் நெருங்கும், அது நமக்கு லாபம். இரண்டு, கோராவில் மெழுகு இருக்கும். துவைக்காத கோராவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சாது, முத்தாக உருளும். அதைப் போட்டுக்கொண்டால் வியர்வை உள்ளேயே நிற்கும். மூன்று துவைப்புக்குப் பிறகும் சொட்டு உள்ளே இறங்கச் சில நொடிகள் எடுத்தது. ஆறாவது துவைப்பில்தான் சரியானது. வெளுக்கிற பவுடர் மட்டும் போடக் கூடாது, போட்டால் எதற்காகக் கோரா வாங்கினோமோ அதுவே போய்விடும்.

சட்டையை என் அளவுக்கு இரண்டு சைஸ் கூட்டி, காலர் வைத்து, முழுக்கை வைத்துத் தைத்தேன். தோளில் உள்பக்கமாக அதே துணியில் இன்னோர் அடுக்கு. அந்தக் காலத்துச் சட்டைகளில் தோளுக்குக் கீழே ஒட்டுத்துணி வைப்பார்களே, அந்த மாதிரி. டேப் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது.

எல்லோரும் கோரா தேடிப் போக முடியாது. கடையில் வாங்குவதானால், விளையாட்டுக்கென்று விற்கும் பாலியெஸ்டர் துணி தோல் கன்றுவதைத் தடுப்பதில் மெல்லிய வெள்ளைப் பருத்தியைவிட நன்றாகவே வேலை செய்யும், அந்த இழையே புறஊதாவின் கடுமையான பகுதியை உறிஞ்சும். ஆனால் குட்டிக் குட்டி ஓட்டை போட்ட மெஷ் ஜெர்சி வேறு விஷயம், ஓட்டை ஓட்டைதான். வெயிலில் பிடித்து விரல் பார்க்கும் சோதனை பருத்திக்குச் சரியாக வரும், பாலியெஸ்டருக்கு அவ்வளவு சரியாக வராது. கண்ணுக்கு வெளிச்சம் தெரிந்தாலும் அது புறஊதாவை நிறுத்தியிருக்கலாம். வியர்வை வாடை பாலியெஸ்டரில் தங்குவது எனக்குப் பிடிக்காது. ஓடுகிற மகளுக்கு அது சரி, நாள் முழுக்க உட்காருகிற எனக்குப் பருத்திதான்.

நிறத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. அடர் நிறச் சாயம் புறஊதாவை நன்றாகத் தடுக்கும், ஆனால் சூட்டை இழுக்கும் என்பது என் கணவரின் வாதம். இரண்டும் உண்மைதான். இதில் தளர்வு என்று மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. பாலைவனத்தில் பெதூயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்று 1980-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கறுப்புத் துணி அதிக வெப்பத்தை இழுத்தாலும், அங்கி தொளதொளவென்று இருப்பதால் அந்த வெப்பம் இடைக்காற்றோடு போய்விடுகிறது, தோலுக்கு வந்து சேருவது வெள்ளை அங்கியில் வருகிற அளவுதான் என்று கண்டார்கள். ஆகவே கருநீலத்தில் தளர்ந்த பருத்திச் சட்டை இருந்தால் பயப்படாமல் போடலாம். ஒட்டிப் பிடிக்கும் கருநீலம் வேண்டாம்.

அந்தக் காலரியில் என்னைவிட நன்றாக உடுத்தி வந்திருந்த ஒருவரையும் சொல்ல வேண்டும். இரண்டு வரிசை கீழே, பெருந்துறைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, நூல் சேலையில் இருந்தார். இடது தோளில் முந்தானை மடிப்பு நாலைந்து அடுக்கு. முந்தானையை அப்படியே தலைக்கு இழுத்து வலது தோளையும் மூடியிருந்தார். ஜாக்கெட்டுக்கு லைனிங் வேறு. மடியில் சேலைக் கொசுவம். அவருக்கு வெயில் பட்டிருக்கக்கூடிய இடம் முன்கை மட்டும்தான்.

தொப்பிக்கு ஆடிக்காற்று ஒரு சோதனை

முதல் தடவை கிரிக்கெட் தொப்பி வைத்திருந்தேன். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு நெற்றியையும் மூக்கையும் காப்பாற்றும், அதுவும் சூரியன் முன்னால் இருக்கும்வரை. காது மடலும் பிடரியும் வெளியே கிடக்கும். தலையைச் சரித்து ஸ்கோர்போர்டைப் பார்க்கும்போது காது நுனி நேராக வெயிலில் இருக்கும். எனக்கு அங்கேதான் கடைசியாகத் தோல் உரிந்தது.

சுற்றிலும் விளிம்பு வைத்த தொப்பி வேண்டும், விளிம்பு ஏழெட்டு சென்டிமீட்டர் இருந்தால் காதும் பிடரியும் நிழலுக்குள் வரும். பன்னிரண்டு சென்டிமீட்டர் பெரிய வைக்கோல் தொப்பி ஒன்றும் வாங்கிப் பார்த்தேன். அதில் மூன்று தொல்லை. பின்னால் இருப்பவர், “ஏனுங்க, கொஞ்சம் தொப்பியக் கழட்டுங்க, மறைக்குது” என்பார், அது நியாயம்தான். காற்று விளிம்பைப் பிடித்துத் தூக்கும், தடகளத் திடலில் ஓடுகிற பிள்ளைகள் நடுவே தொப்பி உருண்டு போனால் ஆபத்து. மூன்றாவது, இடைவெளி விட்டுப் பின்னின வைக்கோலில் புள்ளி புள்ளியாக வெயில் முகத்தில் விழும். ஆகவே நெருக்கமாக நெய்த துணியில், சரிந்து இறங்கும் விளிம்பு வைத்த தொப்பி, தாடைக்குக் கீழே கட்டும் கயிற்றோடு. விளிம்பின் உள்பக்கம் அடர் நிறமாக இருந்தால் இன்னும் நல்லது. சிமெண்ட் படி தன்மேல் விழும் புறஊதாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத் திருப்பி மேலே அனுப்பும். உள்விளிம்பு வெள்ளையாக இருந்தால் அது பட்டுத் திரும்பவும் கண்ணுக்குள் அடிக்கும்.

தொப்பிக்குக் கீழே அப்பாவின் வழக்கப்படி ஒரு ஈரிழைத் துண்டை விரித்து, நுனியைப் பிடரியில் விட்டுக்கொள்கிறேன். உச்சி வேளையில் தொப்பி மட்டும் போதும். மூன்று மணிக்கு மேல் வெயில் சாயும்போது எந்த விளிம்பும் பக்கவாட்டில் வருவதைத் தடுக்காது, அப்போது துண்டை வெயில் வரும் பக்கமாக இழுத்துவிட வேண்டும். மேற்குப் பக்கக் காலரியில் இடம் கிடைத்தால் காலையில் முகத்தில் அடிக்கும், மாலையில் முதுகுக்குப் போய்விடும். கிழக்குப் பக்கம் உட்கார்ந்தால் பைனல் நடக்கும் நேரத்தில் கண்ணைத் திறக்க முடியாது.

கால்

செருப்பைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. பட்டை வைத்த சாதாரணச் செருப்பில் போனேன். பாதத்தில் இரண்டு மாதம் செருப்புப் படம் இருந்தது, அதைவிட மெல்லிய அடியின் வழியாகச் சிமெண்ட் சூடு ஏறியதுதான் அன்றைக்குப் பெரிய தொந்தரவு. குடிதண்ணீர் டிரம் பக்கத்தில் ஈரப் படியில் ரப்பர் செருப்போடு ஒருவர் வழுக்கி உட்கார்ந்ததையும் பார்த்தேன்.

இப்போது போடுவது கனமான அடி வைத்த, மேலே கான்வாஸ் வைத்த லேஸ் ஷூ. ஓடுகிறவர்கள் போடும் மெஷ் ஷூ காற்றோட்டமாக இருக்கும், ஆனால் மேல்பக்கம் வலைதான், உள்ளே முழு சாக்ஸ் போட்டால் சரியாகிவிடும். கணுக்காலுக்குக் கீழே நின்றுவிடும் குட்டை சாக்ஸ் உட்காரும்போது பேன்ட் ஏறி ஒரு வளையம் விட்டுவிடும். தொங்கவிட்ட கால் மாலைக்குள் வீங்கும், அதனால் ஷூவை மாலை நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குவதும், மதியத்துக்கு மேல் லேஸை ஒரு கண்ணி தளர்த்துவதும் நல்லது. உட்காருவதற்கு பவானி ஜமக்காளத்தை நாலாக மடித்து எடுத்துப்போகிறேன். சூடு ஏறாது, படியின் சொரசொரப்பில் பேன்ட்டும் தேயாது.

மறுபடியும் ஆகஸ்ட்

அடுத்த வருடம் அதே வாரம், அதே திடல். கோராச் சட்டை, நெய்த பேன்ட், துணித் தொப்பி, துண்டு, கான்வாஸ் ஷூ. மகளுக்கும் ஒரு சட்டை தைத்திருந்தேன், பெயர் கூப்பிடும்வரை ஜெர்சிக்கு மேலே போட்டிருக்க. அழைப்புக் கூடாரத்துக்கு வெளியே இருபது முப்பது நிமிடம் பிள்ளைகள் வெறும் பனியனோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஓடுவது இரண்டரை நிமிடம், நிற்பதுதான் அதிகம். “அப்புச்சி சட்டை மாதிரி இருக்குது” என்று முதலில் முகம் சுளித்தாள், பதினொரு மணிக்கு மேல் கழற்றவில்லை.

முதல் ஒரு மணி நேரம் எனக்குப் புழுக்கமாகத்தான் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. 180 ஜிஎஸ்எம் என்பது 134 இல்லை. பத்து மணிக்கு மேல் காற்று எடுத்ததும் சட்டைக்குள் புகுந்து முதுகுப் பக்கமாக வெளியே போனது, இரண்டு சைஸ் கூட்டினதன் பலன் அப்போது தெரிந்தது. காற்றே இல்லாத சித்திரை மதியத்தில் இதே சட்டை சுகமாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். அதற்குக் கனம் குறைந்த, நெருக்கமாக நெய்த அடர் நிற பாப்ளின் சட்டையை வைத்திருக்கிறேன். 12.25-க்கு என் நிழலைக் குனிந்து பார்த்தேன், தொப்பியின் வட்டம் மட்டும் மடியில் இருந்தது.

இரவு வீட்டுக்கு வந்ததும் மகள்தான் தோளைப் பார்த்தாள். கோடு ஏதும் இல்லை. ஆனால் கையை நீட்டச் சொல்லித் திருப்பிப் பார்த்தாள். முழுக்கை மணிக்கட்டில் நின்றுவிட்டது, நாள் முழுக்க முட்டியின் மேல் வைத்திருந்த புறங்கை இரண்டும் நன்றாகக் கருத்திருந்தன. மிச்சத் துணி அரை மீட்டர் இருக்கிறது. கை நீளத்தை மூன்று அங்குலம் கூட்டி, கட்டை விரலுக்கு ஒரு துளை விட்டு வெட்டித் தரச் சொல்லி மாஸ்டரிடம் கொடுத்திருக்கிறேன்.